முதிய கலைஞருக்கும் எழுத்தாளருக்கும் மாத உதவித்தொகை: யார் கேட்கலாம், எப்படிக் கேட்பது?

உங்கள் வீட்டில் நாற்பது ஆண்டு கூத்தாடிய அப்பா இருக்கலாம். பத்துப் பதினைந்து புத்தகம் எழுதிவிட்டு, கண் மங்கியபின் எழுத முடியாமல் இருக்கும் பெரியப்பா இருக்கலாம். நீங்களே அந்தக் கலைஞராகவோ எழுத்தாளராகவோ இருக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் ஒரு தொகை தருகிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் மாதம் தவறாமல் வரும், மருந்துச் செலவுக்குப் பிள்ளைகளிடம் கைநீட்ட வேண்டியிருக்காது.

தகுதி இருந்தும் பலருக்கு இது கிடைப்பதில்லை. பெரும்பாலும் அதற்குக் காரணம் கலையில் குறை இல்லை, காகிதத்தில் குறை. அதனால் காகிதங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

எந்த அலுவலகத்துக்குப் போவது?

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. கலைஞருக்கு ஒரு துறை, எழுத்தாளருக்கு வேறு துறை.

மேடையில் ஆடியவர், பாடியவர், நடித்தவர், வாசித்தவர் என்றால் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். கலை பண்பாட்டுத் துறையின் கீழ் வரும் இந்த மன்றம் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது. ‘நலிந்த நிலையில் வாழும் கலைஞர்களுக்கு மாதாந்திர நிதியுதவி’ என்பது திட்டத்தின் பெயர். கூத்து, நாதஸ்வரம், தவில், பரதம், நாடகம், கரகாட்டம், பொம்மலாட்டம், வில்லுப்பாட்டு எல்லாம் இதில் அடங்கும். தொகை மாதம் 3,000 ரூபாய்.

தமிழில் எழுதியவர், ஆய்வு செய்தவர், தமிழ்த் தொண்டு செய்தவர் என்றால் தமிழ் வளர்ச்சித் துறை. அங்கே திட்டத்தின் பெயர் ‘அகவை முதிர்ந்த தமிழறிஞர்களுக்கான உதவித்தொகை’ (அகவை என்றால் வயது). பல ஆண்டுகள் இது மாதம் 3,500 ரூபாயும், மருத்துவப்படியாக (மருந்துச் செலவுக்கான தொகையாக) 500 ரூபாயும் என்று இருந்தது. அரசு அவ்வப்போது தொகையை உயர்த்துகிறது. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் என்ன தொகை போட்டிருக்கிறதோ அதையே கணக்கில் வையுங்கள். இந்த உதவித்தொகை பெறுவோருக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டையும் கிடைக்கும்.

‘தமிழறிஞர்’ என்ற சொல்லைப் பார்த்து, “நான் கதை எழுதியவன்தானே, அறிஞன் இல்லையே” என்று ஒதுங்கிவிடாதீர்கள். கவிதை, கதை, கட்டுரை, அகராதிப் பணி, இதழ் நடத்தியது எல்லாமே தமிழ்ப் பணிதான்.

எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்?

இரண்டு திட்டங்களுக்கும் 58 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ் வளர்ச்சித் துறை அறிவிப்பில் எந்த நாளை வைத்து வயதைக் கணக்கிட வேண்டும் என்று போட்டிருப்பார்கள். வழக்கமாக அது அந்த ஆண்டின் ஜனவரி 1. பிப்ரவரியில் 58 நிறைகிறவர் அடுத்த ஆண்டுதான் கேட்க முடியும்.

வயதுக்கு என்ன சான்று? பிறப்புச் சான்றோ பள்ளி மாற்றுச் சான்றோ இருந்தால் கவலை இல்லை. கிராமத்தில் பிறந்து பள்ளிக்கூடம் போகாமலே கூத்துக்குப் போய்விட்டவர்களிடம் இரண்டும் இருக்காது. அவர்களுக்கு ஆதார் அட்டைதான் துணை. அந்த ஆதாரில் பிறந்த நாள் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். உத்தேசமாகச் சொன்ன வயதை வைத்துப் பதிந்திருந்தால், 63 வயதுக்காரர் காகிதத்தில் 56 ஆக நிற்பார். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்த விடுவார்கள். எனவே சரியான ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் திருத்தப் போக வேண்டும். அறிவிப்பு வந்தபிறகு இதைத் தொடங்கினால் கடைசித் தேதி ஓடிவிடும்.

வருமானம் எவ்வளவு வரை இருக்கலாம்?

ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் என்பதுதான் பல ஆண்டு அறிவிப்புகளில் இருந்த வரம்பு. மாதத்துக்கு 6,000, நாளைக்கு 200 ரூபாய்கூட வராது. இன்றைய விலைவாசிக்கு இது மிகவும் தாழ்ந்த வரம்பு என்பது என் கருத்து. வாடகை வீட்டில் இருக்கும் ஒரு முதிய தம்பதி இதற்குள் வாழ்வது கடினம். தொகையைப் போலவே வரம்பும் மாறக்கூடியது. அதையும் அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருமானச் சான்று எங்கே, எப்படி வாங்குவது?

இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். வட்டாட்சியர் (தாசில்தார்) தரும் வருமானச் சான்று வேண்டும், அதுவும் இணையவழியில் பெற்றதாக இருக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கையால் எழுதி முத்திரை குத்தி வாங்கிய பழைய சான்று செல்லாது.

அருகில் உள்ள இ-சேவை மையத்துக்கு ஆதார் அட்டை, குடும்ப அட்டை, ஒரு புகைப்படம், கைப்பேசி ஆகியவற்றோடு போங்கள். கைப்பேசி எண் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருப்பது நல்லது. ஏனென்றால் ஒருமுறைக் கடவுச்சொல் (அந்த நேரத்துக்கு மட்டும் வரும் எண்) அதற்குத்தான் வரும். முன்பு எந்தச் சான்றும் இணையத்தில் வாங்கியதில்லை என்றால் முதலில் உங்களுக்கு ஒரு குடிமக்கள் கணக்கு எண் பதிவார்கள். பிறகு வருமானச் சான்றுக்கான விண்ணப்பம். கட்டணம் 60 ரூபாய். வீட்டில் இணையம் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் tnesevai.tn.gov.in என்ற தளத்தில் அவர்களே பதியலாம்.

பதிந்தபிறகு அது கிராம நிர்வாக அலுவலருக்கும், அடுத்து வருவாய் ஆய்வாளருக்கும், கடைசியில் வட்டாட்சியருக்கும் போகும். கிராம நிர்வாக அலுவலர் உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார். அந்த அழைப்புக்குப் போகாமல் விட்டால் விண்ணப்பம் அப்படியே நிற்கும், அல்லது நிராகரிக்கப்படும். ஆகவே பதிந்த கையோடு ஒப்புகைச் சீட்டை எடுத்துக்கொண்டு நீங்களே கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

அவர் என்ன கேட்பார்? நிலம் உண்டா, வாடகை வருகிறதா, கூலி எவ்வளவு, வீட்டில் யார் யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்பார். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

மகன் சம்பாதித்தால் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கே 61 வயதான ஒரு தெருக்கூத்துக் கலைஞர். பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்து. இந்த வயதில் சீசனுக்கு 40 இரவுதான் ஆட முடிகிறது என்று வையுங்கள். இரவுக்கு 800 ரூபாய் என்றால் 32,000. மற்ற மாதங்களில் அங்கங்கே கூலி வேலைக்குப் போய் 8,000. ஆக ஆண்டுக்கு 40,000. வரம்புக்குள் நன்றாகவே இருக்கிறார்.

ஆனால் அவருடைய மகன் ஒரு தொழிற்சாலையில் மாதம் 15,000 சம்பளம் வாங்குகிறார். கல்யாணமாகி மூன்று ஆண்டாகத் தனிக்குடித்தனம். இருந்தும் அவர் பெயர் இன்னும் அப்பாவின் குடும்ப அட்டையிலேயே இருக்கிறது. விசாரணைக்கு வருகிறவர் அட்டையைப் பார்த்து மகனின் 1,80,000 ரூபாயையும் சேர்த்தால், சான்றில் 2,20,000 என்று வந்துவிடும். அந்தச் சான்றோடு விண்ணப்பித்துப் பயனில்லை.

இங்கே பொய் சொல்ல எதுவுமில்லை. மகன் உண்மையிலேயே தனியாக இருந்தால், அவர் பெயரை நீக்கி அவருக்குத் தனிக் குடும்ப அட்டை வாங்கிவிடுங்கள். அதன்பிறகே வருமானச் சான்றுக்குப் பதியுங்கள். இந்த வரிசை முக்கியம். மகன் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் இருந்தால், அந்த வருமானத்தை மறைக்க முயலாதீர்கள். பிறகு யாராவது புகார் கொடுத்தால் வந்த பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

சான்று கைக்கு வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: பெயர், முதலெழுத்து, தொகை. ஆதாரில் ‘கோ.’ என்றும் சான்றில் ‘கே.’ என்றும் இருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். வங்கிக் கணக்குப் புத்தகத்திலும் அதே பெயர்தான் இருக்க வேண்டும்.

கலைஞர் என்பதற்கு என்ன ஆதாரம்?

அரசு ஊழியருக்குப் பணிப் பதிவேடு உண்டு. கூத்துக் கலைஞருக்கு அப்படி எதுவும் கிடையாது. அவருடைய பதிவேடு, பெட்டிக்குள் மடித்துக் கிடக்கும் திருவிழா நோட்டீசுகள்தான்.

அவற்றைத் தேடி எடுங்கள். பெயர் அச்சான நோட்டீஸ், கோயில் அழைப்பிதழ், மேடைப் புகைப்படம், வானொலி நிலையம் அனுப்பிய நிகழ்ச்சிக் கடிதம், பாராட்டுப் பத்திரம், நாளிதழில் வந்த செய்தி எல்லாம் ஆதாரம்தான். ஒரே ஆண்டின் பத்து நோட்டீசை விட, வெவ்வேறு காலத்தின் நான்கு நோட்டீஸ் அதிகம் பேசும். 1985இல் ஒன்று, 1996இல் ஒன்று, 2010இல் ஒன்று, 2022இல் ஒன்று என்று இருந்தால், இத்தனை காலமும் இதுவே இவர் தொழில் என்பது பார்த்த உடனே விளங்கும். புகைப்படத்தின் பின்பக்கம் ஊர், ஆண்டு, என்ன வேடம் என்று எழுதி, அதையும் நகலெடுத்து வையுங்கள்.

நோட்டீசில் இருப்பது மேடைப் பெயர், ஆதாரில் இருப்பது வீட்டுப் பெயர் என்றால்? நாடகக் கலைஞர்களுக்கும் புனைபெயரில் எழுதியவர்களுக்கும் இது எப்போதும் வரும் சிக்கல். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் (சான்றுறுதி அலுவலரிடம்) ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கி இணையுங்கள். எழுத்தாளர் என்றால் பதிப்பாளரிடம் இதே பொருளில் ஒரு கடிதமும் வாங்கலாம்.

“நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை வைத்திருக்கிறேன், தானாக வந்துவிடாதா?” என்று சிலர் கேட்பதுண்டு. வராது. வாரியம் வேறு, இந்த மாதாந்திர நிதியுதவி வேறு. அட்டை உங்கள் கலைக்கு ஒரு நல்ல சான்று, அவ்வளவுதான். நகலெடுத்து இணைத்துவிடுங்கள். கலைமாமணி விருது வாங்கியவரும் இந்த உதவிக்குத் தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

எழுத்தாளர் எதைக் காட்ட வேண்டும்?

இரண்டு காட்ட வேண்டும். ஒன்று, தமிழ்ப் பணி பற்றிய விவரக் குறிப்பு. மற்றது, தமிழறிஞர்கள் இருவர் தரும் தகுதிநிலைச் சான்று.

விவரக் குறிப்பில் வாழ்க்கை வரலாறு எழுத வேண்டாம். புத்தகத்தின் பெயர், வெளியான ஆண்டு, பதிப்பகம், எந்த வகை என்று ஒரு பட்டியல் போதும். ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் தலைப்புப் பக்கத்தையும், ஆண்டு அச்சாகியிருக்கும் அடுத்த பக்கத்தையும் நகலெடுத்து அதே வரிசையில் கோத்துவிடுங்கள். சொந்தச் செலவில் போட்ட புத்தகத்தையும் சேர்க்கலாம். இதழ்களில் வந்தவை இருந்தால் இதழின் பெயரும் மாதமும் தெரிகிற மாதிரி நகல் எடுங்கள்.

தகுதிநிலைச் சான்றில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சான்று தருகிறவர் தமிழ்ப் பேராசிரியராகவோ, அறியப்பட்ட எழுத்தாளராகவோ இருப்பது நல்லது. உறவினரிடம் வாங்காதீர்கள். “இவர் நல்ல பண்பாளர், தமிழ்ப் பற்று மிக்கவர், உதவித்தொகை வழங்கப் பரிந்துரைக்கிறேன்” என்று இரண்டு வரியில் வரும் சான்று யாருக்கும் பொருந்தும். படிக்கிற குழுவுக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது.

அதற்குப் பதில் இப்படி இருக்கலாம்: “இவரை இருபது ஆண்டுகளாக அறிவேன். தம் வட்டாரத்து மீனவர் வழக்குச் சொற்களைத் தொகுத்து இரண்டு நூல்கள் வெளியிட்டிருக்கிறார். அவற்றில் ஒன்றை எங்கள் கல்லூரி ஆய்வு மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள். தற்போது வேறு வருமானமின்றி இருக்கிறார் என்பதை நேரில் அறிவேன்.” கீழே பெயர், பதவி, முகவரி, கையெழுத்து, தேதி. இவ்வளவு இருந்தால் படிக்கிறவருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். சான்று கேட்கப் போகும்போது உங்கள் புத்தகப் பட்டியலைக் கையோடு கொடுத்துவிட்டு வந்தால், அவருக்கும் எழுதுவது எளிது.

நகரத்தில் இருப்பவருக்கு இரண்டு அறிஞர்களைப் பிடிப்பது பெரிய வேலை இல்லை. கிராமத்தில் தனியாக எழுதியவருக்கு இது உண்மையான தடை. பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியின் தமிழ்த் துறைக்கு உங்கள் புத்தகங்களோடு நேரில் போய்ப் பாருங்கள். படித்துப் பார்த்துச் சான்று தர முன்வரும் ஆசிரியர்கள் அங்கே இருப்பார்கள்.

விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது?

தமிழறிஞர் உதவித்தொகைக்கு ஆண்டுக்கு ஒருமுறை அறிவிப்பு வரும். நாளிதழ்களிலும், மாவட்ட ஆட்சியரின் செய்திக் குறிப்பாகவும் வெளிவரும். படிவத்தை tamilvalarchithurai.tn.gov.in தளத்திலிருந்து எடுக்கலாம், அல்லது உங்கள் மாவட்டத் தமிழ் வளர்ச்சி அலுவலகத்தில் (பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும்) கேட்டு வாங்கலாம். நிரப்பிய படிவத்தையும் அந்த மாவட்ட அலுவலகத்திலேயே கொடுக்க வேண்டும். நேராகச் சென்னைக்கு அனுப்பி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கலைஞர்கள் இயல் இசை நாடக மன்றத்தின் உறுப்பினர் செயலாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். சென்னைக்குப் போய்வர முடியாதவர்கள் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் படிவமும் விவரமும் கேட்கலாம். காஞ்சிபுரம், சேலம், திருச்சி, தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி, கோவை ஆகிய ஊர்களில் அவை இருக்கின்றன. நாம் பார்த்த கூத்துக் கலைஞருக்குக் காஞ்சிபுரம் அலுவலகமே போதும்.

எங்கே கொடுத்தாலும் முழு விண்ணப்பத்துக்கும் ஒரு நகல் வீட்டில் வையுங்கள். நேரில் கொடுத்தால் அந்த நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் வாங்குங்கள். அஞ்சல் என்றால் விரைவு அஞ்சல், சேர்ந்ததற்கான சான்றுடன். மூல ஆவணங்களை, குறிப்பாக ஒரே படியாக இருக்கும் பழைய நோட்டீசுகளை, கோப்பில் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அவை திரும்ப வராது.

கொடுத்தால் கட்டாயம் கிடைக்குமா?

இல்லை. ஒவ்வோர் ஆண்டும் இத்தனை பேர் என்று ஒரு வரையறை உண்டு. தமிழறிஞர் திட்டத்தில் அது பல ஆண்டுகள் 100 பேர் என்ற அளவில் இருந்தது. விண்ணப்பங்களை ஒரு குழு பார்த்துத் தேர்வு செய்யும். இந்த ஆண்டு பட்டியலில் பெயர் வராவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். பழைய விண்ணப்பத்தை அவர்களே எடுத்துப் பார்ப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். புதிய படிவம், புதிய வருமானச் சான்று, நடுவில் புத்தகமோ நிகழ்ச்சியோ வந்திருந்தால் அதன் நகல் எல்லாம் வையுங்கள்.

ஏற்கெனவே முதியோர் உதவித்தொகை வாங்குபவர் என்ன செய்வது? வருவாய்த் துறை மாதம் 1,200 ரூபாய் தரும் உதவித்தொகை அது. அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். ஆதார் எண் இரண்டு இடத்திலும் இருப்பதால் எப்படியும் தெரிந்துவிடும். ஆனால் புதியது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் பழையதை முன்கூட்டியே நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆணை கைக்கு வந்தபின் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்.

மத்திய அரசும் தருகிறதாமே?

தருகிறது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் முதிய கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மாதம் அதிகபட்சமாக 6,000 ரூபாய் வரை தருகிறது. அதற்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும். அங்கேயும் வருமான வரம்பு உண்டு. இதில் ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள்: மாநில அரசிடமிருந்து கலைஞருக்கான உதவித்தொகையாக மாதம் குறைந்தது 500 ரூபாயாவது ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே 58இல் மாநில உதவியை வாங்கிவைத்தவருக்குத்தான் 60இல் அடுத்த கதவு திறக்கும். மாநில அரசின் ஆணை நகலைப் பத்திரமாக வையுங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

கிடைத்தபிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று (உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று) கொடுக்க வேண்டும். இது தவறினால் பணம் நின்றுவிடும். திடீரென்று இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை என்றால், முதலில் வாழ்நாள் சான்று போனதா என்று பாருங்கள். அடுத்து, வங்கிக் கணக்கு முடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் வீட்டுக்கு இடம் மாறினாலும், வங்கிக் கிளை மாறினாலும் துறைக்கு உடனே எழுதுங்கள்.

தமிழறிஞர் திட்டத்தில், பெற்றுவந்தவர் மறைந்தால் மரபுரிமையர் (வாழ்க்கைத் துணை போன்ற வாரிசு) தொடர்ந்து உதவி கேட்க வழி இருக்கிறது. அதனால்தான் விண்ணப்பத்தோடு துணைவரின் ஆதார் நகலையும் கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். மத்திய அரசுத் திட்டத்திலும் உதவி வாழ்க்கைத் துணைக்கு மாறும். ஆனால் எதுவும் தானாக மாறாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, துணைவரின் வங்கிக் கணக்கு விவரம் இவற்றோடு தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மறைந்த செய்தியைத் துறைக்குத் தெரிவிக்காமல் விட்டால், அதற்குப் பின் கணக்கில் ஏறிய மாதத் தொகைகளைத் திருப்பிக் கேட்பார்கள். ஆகவே இறப்புச் சான்று கைக்கு வந்ததும் முதல் நகலை அந்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.